வால்பாறைக்குப் பக்கத்துக் கடை எது?

கிரைண்டர், மோட்டார், மிக்ஸி என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு வாரண்டி அட்டை இருக்கும். எங்கள் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்கி, அவருடைய முத்திரை பதித்த அட்டைக்கு மட்டுமே உத்தரவாதம் செல்லும் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அந்த டீலர் நம் ஊரில் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் அட்டை சொல்லாது. நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போனால் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி இருக்கும். தட்டினால் பக்கத்துக் கடையின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் வரவேண்டும்.

பார்க்க எளிய வேலைதான். கடைகளின் பட்டியல் ஒரு பக்கம், ஊர்களின் பட்டியல் இன்னொரு பக்கம், நடுவே தூரக் கணக்கு. ஒரு கணினி நிரலாளர் இரண்டு நாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் அப்படி எழுதியதை அப்படியே வெளியிட்டால் வால்பாறைக்காரருக்கு மூணாறு கடையைக் காட்டும். எங்கே கோளாறு என்று பார்த்தால் இந்த வேலையின் பாதி விளங்கிவிடும்.

கோயம்புத்தூரில் கிரைண்டரும் வீட்டு மோட்டாரும் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக முந்நூறு டீலர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சியில் ஒருவர், உடுமலைப்பேட்டையில் ஒருவர், மூணாறில் ஒருவர். வால்பாறையில் யாரும் இல்லை. வால்பாறை எஸ்டேட் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண்மணி, கிரைண்டர் மோட்டார் எரிந்துபோய், கைப்பேசியில் தன் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுகிறார்.

கணினிக்கு ஊர் என்பது இரண்டு எண்கள். ஒன்று அட்சரேகை, மற்றது தீர்க்கரேகை. வால்பாறை 10.33, 76.96. மூணாறு 10.09, 77.06. பொள்ளாச்சி 10.66, 77.01. நம் பகுதியில் ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர், ஒரு பாகை தீர்க்கரேகை 109 கிலோமீட்டர். வால்பாறைக்கும் மூணாறுக்கும் தெற்கு வடக்காக 0.24 பாகை, அதாவது சுமார் 27 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக 0.10 பாகை, 11 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் நேர்தூரம் 29 கிலோமீட்டர். அதே கணக்கில் பொள்ளாச்சி 37 கிலோமீட்டர். இருபத்தொன்பது சின்னது, ஆகவே மூணாறுதான் பக்கம் என்கிறது கணினி. பூமியின் உருண்டையைக் கணக்கில் எடுக்கும் பெரிய சூத்திரத்தைப் போட்டாலும் இதே விடைதான் வரும். கணக்கில் பிழை ஏதுமில்லை.

ஆனால் அந்த 29 கிலோமீட்டருக்கு நடுவே ஆனைமலைத் தொடர் நிற்கிறது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அங்கேதான் இருக்கிறது. இரவிகுளம் தேசியப் பூங்காவும் அங்கேதான். வால்பாறையிலிருந்து மூணாறுக்கு அந்த மலைமேல் பேருந்து போகும் சாலை கிடையாது. மலையிறங்கி, உடுமலைப்பேட்டை போய், சின்னார் வழியாக மறுபடி மலையேற வேண்டும். 150 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பொள்ளாச்சிக்கோ 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு, நேரான பேருந்து. பன்னிரண்டு கிலோ கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கணினிக்கு மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

வால்பாறை மட்டும் விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. தேனி மாவட்டத்து வருசநாட்டுக்கும் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்புக்கும் நேர்தூரம் சுமார் 20 கிலோமீட்டர்தான். நடுவில் மலை. சாலையில் போவதென்றால் ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று சுற்றி வரவேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் நெடுகிலும், கொல்லிமலை, ஏற்காடு, கொடைக்கானல் பக்கங்களிலும் இதே கதைதான். ஆற்றங்கரை ஊர்களிலும் உண்டு. எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஊருக்குப் போக, பாலம் இருக்கும் இடம்வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

இதற்குத் தீர்வு சாலைத் தூரத்தைக் கணக்கிடுவது. ஒவ்வொருவர் தேடும்போதும் முந்நூறு கடைகளுக்கும் சாலைத் தூரம் கேட்டால் பக்கம் மெதுவாகிவிடும், செலவும் ஏறும். வர்த்தக வரைபடச் சேவைகள் ஒவ்வொரு கேள்விக்கும் காசு கேட்கும். விடையைச் சேமித்து வைப்பதற்கும் நிபந்தனை போடும். அதனால் அனுபவசாலிகள் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதலில் நேர்தூரத்தை வைத்துப் பக்கத்துப் பத்துக் கடைகளைப் பொறுக்கிக்கொள்வது. பிறகு அந்தப் பத்துக்கு மட்டும் சாலைத் தூரம் பார்ப்பது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தரவை இறக்கி, ஓஎஸ்ஆர்எம் போன்ற இலவச மென்பொருளைச் சொந்தக் கணினியில் ஓட்டினால், ஒவ்வொரு பின்கோடுக்கும் பத்துக் கடை என்று எல்லாத் தூரத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிடலாம். வாடிக்கையாளர் தேடும் நேரத்தில் கணக்கே இல்லை, எழுதி வைத்த விடையை எடுத்துக் கொடுப்பதுதான். புது டீலர் சேர்ந்தாலோ ஒருவர் போனாலோ அன்று இரவு மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

கணக்கு முடிந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. சாலைத் தூரத்தை நேர்தூரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு நேர்தூரம் 27 கிலோமீட்டர், சாலையில் முப்பதுக்குள். விகிதம் ஒன்றை ஒட்டியே இருக்கிறது. சமவெளியில் பொதுவாக ஒன்றேகால், மிஞ்சினால் ஒன்றரை வரும். வால்பாறை – பொள்ளாச்சி மலைப்பாதைக்கு 1.7. வால்பாறை – மூணாறுக்கு ஐந்துக்கு மேல். விகிதம் இரண்டைத் தாண்டும் ஊர்களையெல்லாம் தனியே எடுத்து வரிசைப்படுத்தி, அந்தந்தப் பகுதி விற்பனைப் பிரதிநிதியிடம் ஒரு முறை காட்டிவிட வேண்டும். அங்கே மலை இருக்கும், அல்லது ஆறு இருக்கும், அல்லது கடையின் இடத்தையே நாம் தப்பாகக் குறித்திருப்போம்.

அந்த மூன்றாவதுதான் மலையைவிடப் பெரிய தொல்லை.

டீலர் பட்டியல் வேண்டும் என்று நிறுவனத்தில் கேட்டால் அது கணக்குப் பிரிவிலிருந்துதான் வரும். டேலியில் இருக்கும் பற்றுவரவுப் பெயர்களை எக்செல் கோப்பாக எடுத்துக் கொடுப்பார்கள். அதில் இருப்பது பில் போடும் முகவரி. ஜிஎஸ்டி பதிவில் உள்ள முகவரியும் அதுவே. கடை மார்க்கெட் ரோட்டில் இருக்கும், பதிவு முதலாளியின் வீட்டு முகவரியில் இருக்கும். அல்லது ஊருக்கு வெளியே உள்ள குடோன் முகவரியில் இருக்கும். பில்லுக்கு அது சரி. வாடிக்கையாளரை அங்கே அனுப்பினால் அவர் பூட்டிய வீட்டின் முன் நிற்பார். "அட்ரஸ்ல இருக்கறது அவங்க பழைய வீடுங்க சார், கடை பஸ் ஸ்டாண்டு பக்கமா வந்து பல வருசம் ஆச்சுங்க" என்று பிரதிநிதி சாதாரணமாகச் சொல்வார். அவருக்கு அது தெரிந்த விஷயம். மாதாமாதம் போய் ஆர்டர் எடுக்கிற கடை. தலைமை அலுவலகத்துக் கோப்பில் மட்டும் ஏறவில்லை.

பட்டியலில் ஒரே கடை இரண்டு முறை இருக்கும். 'ஸ்ரீ முருகன் எலெக்ட்ரிகல்ஸ்' என்று ஒன்று, 'முருகன் எலக்ட்ரிக்கல்ஸ் அண்ட் ஹார்டுவேர்' என்று ஒன்று. பெயரை வைத்து இரண்டும் ஒன்றா என்று முடிவு செய்யக் கூடாது; தமிழ்நாட்டில் முருகன் எலெக்ட்ரிகல்ஸ் இல்லாத ஊர் எது? ஜிஎஸ்டி எண்ணைப் பார்க்க வேண்டும். பதினைந்து இலக்கமும் எழுத்துமாக இருக்கும் அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்து, உரிமையாளரின் பான் எண். இரண்டு வரிகளிலும் ஒரே ஜிஎஸ்டி எண் இருந்தால் ஒரே வியாபாரிதான். ஆனாலும் உடனே ஒன்றை அழித்துவிடக் கூடாது. ஒரு மாநிலத்துக்குள் எத்தனை கிளை வைத்திருந்தாலும் ஒரே ஜிஎஸ்டி எண்ணில் நடத்தலாம் என்பதால், அவருக்கு அண்ணாமலை நகரில் ஒரு கடையும் சிதம்பரத்தில் ஒரு கடையும் இருக்கலாம். வியாபாரி ஒருவர், கடை இரண்டு. வாடிக்கையாளருக்கு வேண்டியது கடை. எனவே ஜிஎஸ்டி எண்ணையும் கடை இருக்கும் பின்கோடையும் சேர்த்துப் பார்த்துத்தான் எது இரட்டிப்பு, எது கிளை என்று முடிவு செய்ய முடியும்.

இடத்தைக் குறிக்க எளிய வழி என்று பலர் நினைப்பது, முகவரியை அப்படியே வரைபடச் சேவையிடம் கொடுத்து அட்ச தீர்க்க எண்களை வாங்கிவிடுவது. தெருப்பெயரும் கதவு எண்ணும் ஒழுங்காக இருக்கும் நகரத்துக்கு இது ஓரளவு உதவும். 'பழைய தியேட்டர் எதிரில், மெயின் ரோடு' என்ற முகவரிக்கு அந்தச் சேவை விழித்துவிட்டு, ஊரின் நடுமையத்தை எடுத்துக் கொடுத்துவிடும். கடை இருப்பது இரண்டு கிலோமீட்டர் தள்ளி. இப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரே ஊரில் உள்ள மூன்று நான்கு கடைகளுக்கும் எழுத்துக்கு எழுத்து ஒரே எண்கள் வந்திருந்தால், அவை கடையின் இடமல்ல, ஊரின் நடுமையம்.

விற்பனைப் பிரதிநிதி அடுத்த முறை போகும்போது கடை வாசலில் நின்று கைப்பேசியில் இடத்தைக் குறித்து அனுப்புவதுதான் நான் நம்பும் வழி. உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் தடுமாறும். வாசலில் எடுத்தால் சில மீட்டருக்குள் சரியாக இருக்கும். கடைப் பெயர்ப் பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்ற சந்தேகமும் தீரும். பிரதிநிதிகள் எப்படியும் போகிற கடைகள்தான். ஒரு மாதச் சுற்றில் வேலை முடியும்.

வந்த எண்களையும் அப்படியே ஏற்றிவிடக் கூடாது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதிவிடுவது சர்வசாதாரணம். பொள்ளாச்சிக் கடையை 77.01, 10.66 என்று மாற்றிப் போட்டால், அது வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழும். அதன் பிறகு எந்த ஊரிலிருந்து தேடினாலும் அந்தக் கடை பட்டியலில் வராது. பிழைச்செய்தியும் வராது. கடை சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அட்சரேகை 8 முதல் 13.6 வரையிலும், தீர்க்கரேகை 76.2 முதல் 80.4 வரையிலும் இருந்தாக வேண்டும். இந்த எல்லைக்கு வெளியே இருப்பதைச் சேர்க்க மறுக்கும்படி நிரலில் இரண்டு வரி எழுதிவிட்டால் போதும்.

இனி வாடிக்கையாளர் பக்கம் வருவோம். அவர் தட்டச்சு செய்வது ஊர்ப் பெயரை. ஊர்ப் பெயர் நம்மிடம் ஒரு விதமாக இல்லை. உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றும் ஒன்று. ஆங்கில எழுத்தில் போட்டால் இன்னும் விரியும். கோபிச்செட்டிபாளையத்தைக் கோபி என்றும், சத்தியமங்கலத்தைச் சத்தி என்றும், போடிநாயக்கனூரைப் போடி என்றும்தான் அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். வத்தலக்குண்டை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த நாட்களில் எடுக்கப்பட்ட ஒரு பட்டியலை நம்பி ஏற்றினால், கோயம்புத்தூரை யாரும் தட்டச்சு செய்யாத எழுத்துக்கூட்டலில்தான் தேட வேண்டியிருக்கும்.

எனவே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாற்றுப்பெயர் வரிசை வேண்டும். எல்லாப் பெயரும் ஒரே பின்கோடில் போய் முடிய வேண்டும்:

```
Udhagamandalam | Ooty | Ootacamund | உதகமண்டலம் | உதகை | ஊட்டி  ->  643001
Bodinayakanur  | Bodi | போடிநாயக்கனூர் | போடி                   ->  625513
```

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு இடறல் இருக்கிறது. 'பொள்ளாச்சி' என்ற சொல்லின் முதலெழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள். பொள்ளாச்சிக்காரர் பொள்ளாச்சி என்று சரியாகத் தட்டியும் 'அப்படி ஊர் இல்லை' என்று பதில் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். யூனிகோடில் இதற்கு NFC என்ற நெறிப்படுத்தல் இருக்கிறது. பட்டியலில் உள்ள பெயரையும் வாடிக்கையாளர் தட்டியதையும் அதில் ஒரு முறை ஓட்டிவிட்டு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஒரு வரி நிரல். அந்த ஒரு வரி இல்லாத எத்தனையோ தமிழ்த் தேடல் பெட்டிகள் புழக்கத்தில் உள்ளன.

ஒரே பெயரில் பல ஊர் இருப்பது வேறு வகைச் சிக்கல். கூடலூர் என்றால் நீலகிரியிலும் இருக்கிறது, தேனி மாவட்டத்திலும் இருக்கிறது. ஆலங்குளம் தென்காசியிலும் உண்டு, விருதுநகரிலும் உண்டு. கணினி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் பாதிப் பேருக்குத் தவறான மலையில் கடை காட்டும். தட்டச்சு செய்யும்போதே கீழே 'கூடலூர், நீலகிரி', 'கூடலூர், தேனி' என்று இரண்டையும் விரித்துக் காட்டி, அவரையே தொடச் சொல்ல வேண்டும். எழுத்துப் பிழையை ஊகித்துத் திருத்தும் வசதியையும் இதே போல் அடக்கித்தான் வைக்க வேண்டும். நீளமான பெயரில் ஓரெழுத்து மாறினால் ஊகம் பலிக்கும். கரூர், கல்லூர் போன்ற சின்னப் பெயர்களில் ஓரெழுத்து மாறினால் அது வேறு ஊர். ஊகித்ததைப் பரிந்துரையாகக் காட்டலாம், முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாவட்டத்தை முதலில் தேர்ந்தெடு, பிறகு ஊர் என்று இரண்டு பட்டியல் வைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு மாவட்டங்கள் பிரிந்தன; அடுத்த ஆண்டு மயிலாடுதுறை. கணக்குப் பிரிவின் பட்டியலில் ஆலங்குளம் டீலர் இன்னும் திருநெல்வேலியில் இருப்பார். தென்காசியைத் தேர்ந்தெடுத்தவருக்கு அவர் கண்ணில் படமாட்டார். மாவட்ட எல்லையில் இருப்பவருக்குப் பக்கத்து மாவட்டக் கடைதான் பெரும்பாலும் கிட்டே இருக்கும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

பின்கோடை நேரே கேட்டுவிட்டால் இந்தப் பெயர்க் குழப்பமெல்லாம் தீருமே என்று தோன்றும். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறிலக்க எண் இது. முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிக்கு 6. முதல் மூன்று சேர்ந்தால் கடிதம் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். நாடு முழுவதற்குமான பட்டியலை அரசின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்தத் தேடலுக்கு அடித்தளமாக அதைவிட நல்லது இல்லை. ஆனால் தன் ஊர்ப் பின்கோடு நினைவில்லாதவர்கள் நிறையப் பேர். அதனால் ஒரே பெட்டியில் ஊர்ப் பெயரும் போடலாம், பின்கோடும் போடலாம் என்று வைத்துவிட வேண்டும். ஆறு எண் வந்தால் பின்கோடு, மற்றதெல்லாம் பெயர்.

பின்கோடை வைத்துத் தூரத்தை ஊகிப்பதுதான் ஆபத்து. முதல் மூன்று எண் ஒத்துப்போனால் பக்கம் என்று சிலர் நிரல் எழுதுகிறார்கள். வால்பாறை 642127, பொள்ளாச்சி 642001, மூணாறு 685612. அடடா, மலைச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிட்டதே என்று தோன்றும். ஓசூரில் இந்த முறை கவிழ்ந்துவிடும். ஓசூர் 635109, வாணியம்பாடி 635751. முதல் மூன்று எண் ஒன்று. நேர்தூரமே 80 கிலோமீட்டரைத் தாண்டும். ஓசூர்க்காரர் நாள்தோறும் போய்வரும் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், ஆனால் அதன் எண் 560இல் தொடங்குகிறது. மேட்டுப்பாளையம் 641301, அதற்கு நேர் மேலே மலையில் இருக்கும் கோத்தகிரி 643217. பின்கோடு தபாலைப் பிரிக்கப் போட்ட எண். அதை வைத்து ஊரின் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம், தூரத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

'என் இருப்பிடத்தைப் பயன்படுத்து' என்ற பொத்தானும் வைக்கலாம், ஆனால் பக்கம் திறந்த உடனே அனுமதி கேட்டு மிரட்டக் கூடாது. மேசைக் கணினியில் அது இணைய இணைப்பின் முகவரியை வைத்து ஊகிப்பதால், திண்டுக்கல்லில் இருப்பவரைச் சென்னையில் இருப்பதாகக் காட்டுவதும் உண்டு.

விடை எப்படித் தெரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. '25 கிலோமீட்டருக்குள் டீலர் எவரும் இல்லை' என்ற பதில் எந்த ஊருக்கும் வரவே கூடாது. வால்பாறைப் பெண்மணிக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எவ்வளவு தொலைவானாலும் பக்கத்து மூன்று கடைகளைத் தூரத்தோடு காட்ட வேண்டும். 'பொள்ளாச்சி, சாலைவழி 64 கி.மீ.' என்று பார்த்தால் போவதா, தொலைபேசியில் பேசுவதா, எஸ்டேட் ஜீப்பில் கொடுத்தனுப்புவதா என்று அவரே முடிவு செய்துகொள்வார். தொலைபேசி எண்ணைத் தொட்டவுடன் அழைப்பு போக வேண்டும். படமாகப் போட்ட எண்ணைத் தொட்டு ஒன்றும் ஆகாது.

அந்தக் கடை எதற்கான கடை என்பதும் தெரிய வேண்டும். மோட்டார் மட்டும் விற்கும் ஹார்டுவேர் கடைக்கு மலையிறங்கிப் போய், கிரைண்டர் நாங்கள் பார்ப்பதில்லை என்ற பதிலோடு திரும்பினால் தூரக் கணக்கு சரியாக இருந்து என்ன பயன்? ஒவ்வொரு கடைக்கும் எதை விற்கிறார், எதைப் பழுது பார்க்கிறார் என்று இரண்டு தனிக் குறிப்பு தேவை. தேடும்போதே 'வாங்க', 'பழுது பார்க்க' என்று இரண்டு பொத்தான் வைத்தால் பழுதுக்கு வந்தவருக்குச் சர்வீஸ் வசதி உள்ள கடைதான் முதலில் வரும்.

இதையெல்லாம் விடக் கடினமான கேள்வி நிரலுக்கு வெளியே இருக்கிறது. வால்பாறை பஜாரில் உண்மையில் ஒரு கடையில் இந்த நிறுவனத்தின் கிரைண்டர் விற்கலாம். அவர் சப்-டீலர். பொள்ளாச்சி டீலரிடம் மொத்தமாக வாங்கி விற்பவர். நிறுவனத்தின் கணக்கில் அவர் பெயரே இருக்காது, ஏனென்றால் பில் பொள்ளாச்சிக்குத்தான் போகிறது. அவரைத் தேடல் பக்கத்தில் காட்டலாமா? அவர் போட்ட முத்திரைக்கு நிறுவனம் வாரண்டி கொடுக்கும் என்றால் காட்ட வேண்டும், பொள்ளாச்சி டீலரின் பெயரோடு சேர்த்தே காட்டலாம். கொடுக்காது என்றால் அங்கீகாரம் பெற்றவர் என்று அவரைக் காட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. இதை விற்பனை மேலாளர்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். தேடல் பக்கம் கட்டும்போதுதான் பல நிறுவனங்கள் தங்களுக்கு எத்தனை சப்-டீலர்கள் இருக்கிறார்கள் என்றே எண்ணத் தொடங்குகின்றன.

வரிசைக்கும் சண்டை வரும். ஒவ்வொரு டீலருக்கும் இன்னின்ன ஊர் என்று எல்லை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். உடுமலை டீலரின் எல்லைக்குள் இருக்கும் ஒரு கிராமத்துக்குப் பொள்ளாச்சிக் கடை இரண்டு கிலோமீட்டர் கிட்டே இருந்தால், தன் வாடிக்கையாளரை இன்னொருவருக்குத் திருப்பிவிட்டதாக உடுமலைக்காரர் போன் செய்வார். அதிகம் விற்பவரை மேலே போடச் சொல்லியும் கேட்பார்கள். இரண்டுக்கும் இணங்கக் கூடாது என்பது என் கருத்து. தேடுபவருக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மூன்று கடைகளையும் காட்டுகிறோம், தூரத்தின் வரிசையில் காட்டுகிறோம், எல்லா டீலருக்கும் இதே விதிதான் என்று முதலிலேயே எழுத்தில் தெரிவித்துவிட்டால் பாதிப் புகார் வராது.

பக்கம் வெளியானபின் அது கெடத் தொடங்கும். கடைகள் இடம் மாறும், எண் மாறும், ஒருவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். போனவரின் பெயர் பட்டியலில் இருக்கும்வரை, நம் வாடிக்கையாளரை நாமே போட்டியாளரின் கடைக்கு அனுப்புகிறோம். அங்கீகாரம் ரத்தான அன்றே கணக்குப் பிரிவு டேலியில் அந்தப் பெயரை நிறுத்துகிறது அல்லவா, அதே கையோடு தேடல் பட்டியலிலும் நிறுத்தும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' என்ற ஒரு கட்டம் வைத்து, ஆறு மாதம் தாண்டியவற்றைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பிரதிநிதிக்கு அனுப்பினால் அடுத்த சுற்றில் பார்த்துவிட்டு வருவார்.

இன்னொரு பட்டியலும் தானாகச் சேரும்படி செய்ய வேண்டும். தட்டச்சு செய்தும் ஊர் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியல் அது. தட்டியது யார் என்று குறித்துவைக்கத் தேவையில்லை, சொல்லும் தேதியும் போதும். வாரம் ஒரு முறை அதை ஒருவர் வாசித்தால் விடுபட்ட மாற்றுப்பெயர்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். ஊர்ப் பெயருக்குப் பதில் பேட்டையின் பெயரை, எஸ்டேட்டின் பெயரை, அணையின் பெயரைத் தட்டியிருப்பார்கள். 'சோலையாறு', 'முடிஸ்' என்று வந்தால் அவர் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் பகுதியிலிருந்து தேடியிருக்கிறார் என்று மேலாளர் மேசையில் இருக்கும் பொள்ளாச்சிப் பிரதிநிதிக்கு ஒரு பார்வையில் புரியும். இரண்டு பெயரையும் உரிய பின்கோடுக்கு எதிரே சேர்த்துவிட்டால் அடுத்த முறை தேடுபவருக்குப் பொள்ளாச்சிக் கடை வரும். அந்த மலையிலிருந்து தேடல்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், பஜாரில் இருக்கும் அந்தச் சப்-டீலருக்கே அங்கீகாரம் கொடுத்துவிடலாமா என்று விற்பனை மேலாளர் யோசிப்பதற்கு அதுவே போதிய காரணம்.